மூன்று கைக்கடிகாரம் கட்டிய நண்டு

ஒரு நண்டின் படம். அதன் உடலில் மூன்று கைக்கடிகாரங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. படத்தின் மேல் சீன எழுத்தில் ஒரு வரி: "ஆற்று நண்டு மூன்று கைக்கடிகாரம் அணிகிறது." 2000-களின் பிற்பாதியிலிருந்து சீன இணையத்தில் பல வடிவங்களில் உலவிய மீம் இது. நான் மேலே தந்திருக்கும் தமிழ் வரியில் பிழை ஏதுமில்லை. ஆனாலும் அதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு ஒரு நண்டும் மூன்று கடிகாரங்களும் கிடைக்கின்றனவே தவிர, எதற்காகச் சிரிக்க வேண்டும் என்பது கிடைப்பதில்லை. அதே படத்தில் சீன வாசகர்கள் கண்டது வேறு: தங்கள் பதிவுகளை நீக்கும் தணிக்கையையும், அடுத்தடுத்து வந்த இரண்டு தலைவர்களின் கொள்கை முழக்கங்களையும்.

பிறமொழி மீம்களைத் தமிழில் தருவதில் எனக்கு நெடுநாள் ஈடுபாடு உண்டு. படத்தின் மேல் உள்ள வரியை மொழிபெயர்ப்பது அந்த வேலையின் சிறிய பகுதி. வரி சரியாக வந்த பிறகும் நகைச்சுவை வராதபோது என்ன செய்வது என்பதுதான் பெரிய பகுதி. அதற்கு இந்த நண்டைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆகவே இதையே எடுத்துக்கொண்டு, படிப்படியாக எப்படி யோசிக்கிறேன் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒலி. ஹூ ஜிந்தாவ் தலைமையில் இருந்தபோது, 2004-இல், சீனக் கம்யூனிஸ்ட் கட்சி "நல்லிணக்கச் சமுதாயம்" அமைப்பதைத் தன் இலக்காக முன்வைத்தது. நல்லிணக்கம் என்பதற்குச் சீனச் சொல் "ஹ-ஷியே". இணையத்தில் பதிவுகள் காணாமல் போகத் தொடங்கியபோது, எழுதியவர்கள் அரசின் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். "என் பதிவை நீக்கிவிட்டார்கள்" என்று சொல்வதற்குப் பதிலாக, "என் பதிவு நல்லிணக்கப்படுத்தப்பட்டது" என்றார்கள். பிறகு பல இடங்களில் அந்தச் சொல்லும் வடிகட்டலில் சிக்கியது. அப்போதுதான் நண்டு வந்தது. ஆற்று நண்டுக்கும் சீனத்தில் "ஹ-ஷியே" என்றுதான் பெயர். இரண்டாம் அசையின் தொனி மட்டும் வேறு. நல்லிணக்கத்தில் குரல் மேலே ஏறும், நண்டில் கீழே இறங்கும். எழுதும்போதோ இரண்டுக்கும் தொடர்பே இல்லாத எழுத்துகள். வடிகட்டும் நிரல் எழுத்துகளைத் தேடுகிறது. அதற்குத் தெரிவது நண்டு. மனிதரின் காது ஒலியைக் கேட்கிறது. அதற்குக் கேட்பது நல்லிணக்கம். இந்த மீமின் பிறப்புக்குக் காரணமே அந்த இடைவெளிதான்.

இனி கடிகாரங்கள். ஹூ ஜிந்தாவுக்கு முன் தலைவராக இருந்த ஜியாங் ஜெமின் 2000-இல் ஒரு கோட்பாட்டை அறிவித்தார். கட்சி மூன்றின் பிரதிநிதி என்பது அதன் சாரம்: முன்னேறிய உற்பத்தி சக்திகள், முன்னேறிய பண்பாடு, பெரும்பான்மை மக்களின் அடிப்படை நலன்கள். 2002-இல் அது கட்சியின் அமைப்புச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. அதன் சீனப் பெயர் "சான் க தை-பியாவ்", மூன்று பிரதிநிதித்துவங்கள். அதிலுள்ள "தை" என்னும் அசையை எடுத்து முன்னால் போட்டால் "தை சான் க பியாவ்" என்று ஆகிறது. அதன் பொருள், மூன்று கைக்கடிகாரம் அணிதல். கடைசியிலுள்ள "பியாவ்" இரண்டு தொடர்களிலும் ஒரே எழுத்து. கடிகாரத்தைக் குறிப்பதும் அதுதான், பிரதிநிதி என்ற சொல்லின் பின்பாதியாக வருவதும் அதுதான். "தை" மட்டும் அதே தொனியில் ஒலிக்கும் வேறு எழுத்தாக, அணிதல் என்ற வினையாக மாறுகிறது. ஒரு தலைவரின் முழக்கம் நண்டாக, இன்னொருவரின் முழக்கம் அதன் மேல் கட்டிய கடிகாரங்களாகப் படத்தில் வந்து நிற்கின்றன.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பின்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. விளக்கம் எழுதுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது அது. நண்டு பக்கவாட்டில் நடக்கும் பிராணி. சீனத்தில் பக்கவாட்டு நடையைக் குறிக்கும் சொல்லுக்கே, சட்டத்தை மதிக்காமல் அடாவடி செய்து திரிதல் என்ற பொருளும் உண்டு. ஆகவே சீன வாசகரின் மனத்தில் நண்டு ஏற்கெனவே ஒரு முரடன். தமிழில் நண்டு என்றவுடன் என்ன நினைவுக்கு வருகிறது? வீடு நிறையச் சின்னப் பிள்ளைகள் இருந்தால் "நண்டும் சிண்டும்" என்கிறோம். நம் மொழியில் அது சிறியது, தீங்கற்றது, சற்றே வேடிக்கையானது. தமிழ் வாசகர் அந்தப் படத்தைப் பார்த்துப் புன்னகைப்பதும் உண்டு. ஆனால் அது ஒரு செல்லப் பிராணிக்குச் சட்டை மாட்டிவிட்டதைப் பார்த்து வரும் புன்னகை. சிரிப்பே வராமல் இருப்பதைவிட இது மோசமானது என்று நினைக்கிறேன். சிரிப்பு வராதவர் "எனக்குப் புரியவில்லை" என்று கேட்பார். தவறான காரணத்துக்காகச் சிரித்தவர் கேட்கமாட்டார்.

சரி, விளக்கத்தைத் தவிர்த்துத் தமிழிலேயே இணையான சிலேடை ஒன்றைச் செய்துவிட முடியாதா? முடியும், அதுவும் மிக அழகாக முடியும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. நல்லிணக்கம் என்பதை "அமைதி" என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தைக் குறிலிலிருந்து நெடிலாக்கினால் போதும், "ஆமை" வந்துவிடுகிறது. நண்டுக்குப் பதில் ஓர் ஆமைப் படம். மேலே "ஆமைதிச் சமுதாயம்" என்று எழுதினால் எந்தத் தமிழ் வாசகரும் ஒரு நொடியில் பிடித்துக்கொள்வார். சீனத்தில் தொனி மட்டும் மாறுவதுபோல இங்கே மாத்திரை மட்டும் மாறுகிறது. ஒலியளவில் இதைவிடப் பொருத்தமான இணை கிடைக்காது.

ஆனால் யார் மேல் சிரிப்பு விழுகிறது என்று பாருங்கள். ஆமை தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் உயிர். ஐம்புலன்களையும் அடக்குவதற்கு ஆமையை உவமை சொல்வது நம் மொழியில் மிகப் பழைய வழக்கம். ஆகவே "ஆமைதிச் சமுதாயம்" என்ற படம், பேசாமல் ஓட்டுக்குள் ஒடுங்கிய மக்களைக் காட்டும். சீன மூலத்தில் நண்டு வாயை மூடிக்கொண்டவர் இல்லை, பிறர் வாயை மூடுபவர். அடக்குபவரைப் பார்த்துச் சிரித்த படம், தமிழுக்கு வந்ததும் அடக்கப்பட்டவரைப் பார்த்துச் சிரிக்கும் படமாகிவிடுகிறது. ஒலி பொருந்தி, இலக்கு தலைகீழாகிவிட்ட மொழிபெயர்ப்பு இது. சிலேடை நன்றாக அமைந்துவிட்ட மகிழ்ச்சியில் இந்தத் தலைகீழ் மாற்றம் கண்ணில் படாமலே போய்விடும். அதனால், மாற்றுச் சிலேடை ஒன்று கிடைத்தால் நான் முதலில் கேட்பது "இதில் யார் அடி வாங்குகிறார்?" என்பதைத்தான். மூலத்தில் அடி வாங்கியவரே இங்கும் வாங்கவில்லையென்றால், எவ்வளவு அழகான சிலேடையானாலும் அதை விட்டுவிடுகிறேன்.

வேறொரு காரணமும் உண்டு. நம் மரபில் சிலேடை என்பது இரண்டு பொருளையும் அரங்கில் வைத்துக் காட்டும் கலை. புலவர் எதையும் மறைப்பதில்லை. இரண்டும் தெரிந்தால்தான் பாராட்டு. நண்டு மீமில் இரண்டாவது பொருளை வெளியே சொல்ல முடியாது, அதனால்தான் முதலாவது தேவைப்பட்டது. அப்படிப்பட்ட படம் ஒரு சான்றுப் பொருளும்கூட. எந்தச் சொல்லை எழுத முடியவில்லை, அதற்குப் பதில் எதை எழுதினார்கள் என்பது அதில் பதிவாகியிருக்கிறது. நண்டை எடுத்துவிட்டு ஆமையை வைத்தால் அந்தப் பதிவு போய்விடும். எனவே இத்தகைய மீம்களில் மூல எழுத்துகளைப் படத்தில் அப்படியே விட்டுவிட்டு, தமிழை வெளியே கீழே தருகிறேன். அழித்துவிட்டு மேலே எழுதுவதில்லை.

அந்தக் கீழ்க்குறிப்பை எழுதுவதில் வரிசைதான் எல்லாம். பலரும் படத்தைக் காட்டி, வரியை மொழிபெயர்த்து, பிறகு "இது ஏன் நகைச்சுவை என்றால்..." என்று தொடங்குகிறார்கள். வாசகர் அதற்குள் படத்தைத் தாண்டி வந்துவிட்டார். இனி எத்தனை விளக்கினாலும் அது பாடம்தான். பின்னணியை முன்னால் கொண்டுவந்து, படத்தைப் பின்னால் வைத்தால், வாசகர் படத்தைச் சந்திக்கும்போதே கையில் திறவுகோல் இருக்கும். இந்த நண்டுக்கு நான் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்:

"2004-இல் சீன அரசின் முழக்கம் நல்லிணக்கச் சமுதாயம் என்றானது. பதிவுகள் நீக்கப்பட்டவர்கள் 'என் பதிவு நல்லிணக்கப்படுத்தப்பட்டது' என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்தச் சொல்லுக்கும் வடிகட்டல் வந்தது. சீனத்தில் ஆற்று நண்டு என்ற சொல்லும் நல்லிணக்கம் என்ற சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலி. பக்கவாட்டில் நடப்பது என்றால் அங்கே அடாவடி செய்வது என்றும் பொருள். முந்தைய தலைவரின் கோட்பாடான மூன்று பிரதிநிதித்துவங்கள் என்ற தொடரில் ஓர் அசையை இடம் மாற்றினால், மூன்று கைக்கடிகாரம் அணிதல் என்று கேட்கும்."

இதன் பிறகு படம், அதன் கீழ் ஒற்றை வரி மொழிபெயர்ப்பு. குறிப்பில் நான் சொல்லாமல் விட்டதைக் கவனியுங்கள். நண்டு என்பது தணிக்கை செய்யும் அரசு என்று எங்கும் எழுதவில்லை. அந்தக் கடைசி இணைப்பை வாசகர்தான் செய்ய வேண்டும். நகைச்சுவையில் இன்பம் இருப்பதே இரண்டு தொலைவான பொருள்களை நம் மனம் சட்டென்று சேர்க்கும் அந்த இடத்தில். சேர்ப்பதற்கு வேண்டிய எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, சேர்க்கும் வேலையை மட்டும் வாசகருக்கு விட்டுவைத்தால், முழுச் சிரிப்பு வராவிட்டாலும் அதன் ஒரு பங்கு வரும்.

இன்னொன்றும் கவனித்திருக்கலாம். "நல்லிணக்கப்படுத்தப்பட்டது" என்ற சொல்லுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அரசு அறிக்கைகளில் வரும் அந்த நீண்ட, ஆள் தெரியாத செயப்பாட்டு வினை தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. யார் செய்தார் என்று சொல்லாமல் செய்து முடித்துவிடும் தொனி அதில் உண்டு. சீனத்திலும் இந்த இடத்தில் செயப்பாட்டு வினைதான் வேலை செய்கிறது. ஆக, ஒரு மீமின் நகைச்சுவை முழுதாக வரும் அல்லது முழுதாகச் சாகும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒலியில் இருந்தது போய்விட்டது. இலக்கணத்தில் இருந்தது அப்படியே வந்துவிட்டது. எது வருகிறதோ அதை விளக்காமல் விட வேண்டும். தானாக வந்த சிரிப்பை விளக்கினால், அதையும் இழப்போம்.

குறிப்பு சரியாக அமைந்ததா என்று பார்க்க, மூலம் தெரியாத ஒருவரிடம் காட்டுகிறேன். "சிரித்தீர்களா?" என்று கேட்பதில் பயனில்லை, மரியாதைக்காகவாவது 'சிரித்தேன்' என்பார்கள். "இந்தப் படம் யாரைக் கேலி செய்கிறது?" என்று கேட்கிறேன். "சீன மக்களை" என்றோ "கடிகாரம் கட்டும் பணக்காரர்களை" என்றோ பதில் வந்தால் குறிப்பைத் திருத்த வேண்டும். இரண்டாவது விடை அடிக்கடி வரக்கூடியது, ஏனென்றால் மூன்று கடிகாரம் ஆடம்பரத்தைக் காட்டுவதாகப் படும். அப்படி வந்தால் கடிகாரம் பற்றிய வரி தெளிவாக இல்லை என்று பொருள்.

அதைவிட நல்ல சோதனை, அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொன்றை எந்தக் குறிப்பும் இல்லாமல் காட்டுவது. 2010 நவம்பரில், ஷாங்காயில் இடிக்கப்படவிருந்த தன் கலைக்கூடத்தில் சீனக் கலைஞரான ஐ வெய்வெய் ஒரு விருந்துக்கு அழைப்பு விடுத்தார். அவரைப் பெய்ஜிங்கில் வீட்டுக்காவலில் வைத்தார்கள். விருந்து அவர் இல்லாமலே நடந்தது. திரண்டு வந்தவர்கள் சேர்ந்து உண்டது ஆற்று நண்டு. அடுத்த ஜனவரியில் கட்டடம் இடிக்கப்பட்டது. இந்தச் செய்தியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். "ஏன் நண்டு?" என்று கேட்காமல் ஒருவர் முகம் மலர்ந்தால், முதல் குறிப்பு தன் வேலையைச் செய்துவிட்டது. அவர் இப்போது மீமைப் புரிந்துகொண்டவர் மட்டுமல்ல, அந்த மொழியில் அடுத்து வரும் வரியையும் தானே படிக்கக்கூடியவர்.

எல்லா மீமுக்கும் இத்தனை பாரம் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். பாரம் இல்லாத இடத்தில் விளக்கம் எழுதுவது வாசகரைத் தண்டிப்பதற்குச் சமம். அங்கே தைரியமாகப் புதிதாக எழுத வேண்டும். இதற்கு என் எடுத்துக்காட்டு "டோஜ்" என்று உலகம் அழைக்கும் நாய். ஜப்பானைச் சேர்ந்த கபோசு என்ற ஷிபா இன நாயின் படம் அது. 2010-இல் அதன் உரிமையாளர் வெளியிட்டது. 2013-இல் அது உலகம் முழுவதும் பரவியது. ஓரக்கண்ணால் பார்க்கும் நாயைச் சுற்றி, பல நிறங்களில், காமிக் சான்ஸ் எழுத்துருவில், சிறு சிறு ஆங்கிலத் தொடர்கள் சிதறிக் கிடக்கும். நாய் மனத்துக்குள் பேசிக்கொள்வதாகப் பாவனை. "வெரி", "மச்", "மெனி" போன்ற அடைச்சொற்களைச் சேரக் கூடாத சொற்களோடு சேர்ப்பதுதான் அதன் நகைச்சுவை.

இங்கே காக்க வேண்டிய சான்று எதுவும் இல்லை. யாரும் அடி வாங்கவும் இல்லை. எனவே படத்திலுள்ள ஆங்கிலத்தை எடுத்துவிட்டுத் தமிழில் எழுதலாம். "மிக நாய்." "பல பயம்." "மிக ஞாயிற்றுக்கிழமை." மிக என்பது பண்பையோ வினையையோ தேடும் சொல், பெயரோடு ஒட்டாது. பல என்பது எண்ணக்கூடியதைத் தேடும். பயத்தை எண்ண முடியாது. இரண்டும் தமிழ்க் காதில் உடனே இடறுகின்றன. ஆனால் "எத்தனை அழகு" என்று எழுதினால் இடறாது. எத்தனை என்பதும் எண்ணிக்கைச் சொல்தான், அழகை எண்ணவும் முடியாதுதான்; ஆனாலும் வியப்பைச் சொல்லும்போது அப்படிச் சொல்வது நமக்குப் பழகிப்போன ஒன்று. விதிப்படி பிழையா என்பதைவிட, கேட்கும் காதுக்குப் பிழையாகப் படுகிறதா என்பதே இங்கே அளவுகோல்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரே ஒரு பிழையான வரியை மட்டும் எழுதினால், மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் தெரியாது என்று வாசகர் முடிவுகட்டிவிடுவார். அதே வகைப் பிழை மூன்று நான்கு வரிகளில் மாறாமல் வந்தால், அது வேண்டுமென்றே செய்தது என்று தானே புரியும். பிழையிலும் ஒழுங்கு வேண்டும். சில வரிகளில் ஒற்றுப்பிழை, சிலவற்றில் வேற்றுமை உருபுப் பிழை என்று கலந்தால் அந்த ஒழுங்கு கலைந்து, வெறும் கவனக்குறைவாகத் தெரியும்.

படத்துக்குள் தமிழை எழுதும்போது எழுத்துரு பற்றிய ஒரு சிக்கல் வருகிறது. பல மீம்களில் எழுத்து வெள்ளை நிறம், சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் அந்தக் கோட்டைத் தாங்கும். தமிழில் "ண", "ணை" போன்ற எழுத்துகளின் சுழிகள் கோட்டுக்குள் அடைபட்டுவிடும். அதைவிட முக்கியமானது புள்ளி. மேலே உள்ள புள்ளி கறுப்புக்குள் மூழ்கினால் "ப்" என்பது "ப" ஆகிறது, சொல்லே மாறுகிறது. டோஜ் போன்ற ஒன்றில் இது கூடுதல் தொல்லை. வாசகர் அதை இன்னொரு வேண்டுமென்றே செய்த பிழையாக எடுத்துக்கொள்வார். ஆகவே கோட்டை மெலிதாக்கி, எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கி, வரிகளுக்கு இடையே புள்ளிக்கும் இகர ஈகார வளைவுகளுக்கும் இடம் விடுகிறேன். அதுவும் போதாதபோது, எழுத்தின் பின்னால் ஒரு மங்கலான பட்டையை வைத்துக் கோட்டையே எடுத்துவிடுகிறேன். டோஜுக்கு உருண்டையான, கையால் எழுதியது போன்ற எழுத்துரு வேண்டும். செய்தித்தாள் தலைப்புக்கான எழுத்துருவில் "மிக நாய்" என்று போட்டால், நாய் பேசுவதுபோல் இல்லாமல் அச்சுப்பிழை விழுந்த செய்திபோல் ஆகிவிடும்.

இந்தப் படத்துக்குக் குறிப்பு வேண்டுமென்றால் ஒரே வரி போதும்: நாய் மனத்துக்குள் பேசிக்கொள்கிறது. இலக்கணத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதுவதில்லை. அதை "பல பயம்" பார்த்துக்கொள்ளும்.